இரவு ஷிப்டுக்குப் பண்டிகை விடுமுறை எந்த நாள்? அடுத்த ஆண்டுக்கான அறிவிப்பு, ஒரு வரியில் சிக்கல்

பலகை_எழுத்தர்

வணக்கம். மூன்று ஷிப்டு ஓடும் ஒரு தொழிற்சாலையில் நேர அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு விடுமுறைப் பட்டியலை இந்த வாரக் கடைசிக்குள் பலகையில் ஒட்ட வேண்டும். எந்தெந்தப் பண்டிகை என்பதில் தகராறு இல்லை, யூனியனோடு பேசி முடித்தாயிற்று. சிக்கல் பட்டியலுக்குக் கீழே வரும் விதியில்தான். போன ஆண்டு அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்:

"பண்டிகை விடுமுறை நாளில் பணிக்கு அழைக்கப்படுபவர்களுக்கு இரட்டைச் சம்பளம் அல்லது மாற்று விடுப்பு வழங்கப்படும். மாற்று விடுப்பை 30 நாட்களுக்குள் எடுக்க வேண்டும், தவறினால் காலாவதியாகும்."

எங்கள் ஷிப்டு காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6. போன ஆண்டு ஒரு பண்டிகை வியாழக்கிழமை வந்தது. புதன் இரவு 10 மணிக்கு வந்து வியாழன் காலை 6 மணிக்குப் போனவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வியாழன் இரவு 10 மணிக்கு வந்தவருக்கு முழு இரட்டைச் சம்பளம் போட்டோம். எங்கள் மஸ்டரில் ஷிப்டு தொடங்கும் தேதிதான் வருகைத் தேதி, அதனால் அப்படி ஆனது. முதல் ஆள் என் மேசைக்கு வந்து, "பண்டிகை விடிந்தபோது நான் மிஷின் முன்னால் நின்றேன், அவர் வீட்டில் இருந்தார். காசு அவருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆண்டு அதைச் சரியாக எழுத வேண்டும். எப்படி எழுதினால் நியாயம்?

மூன்றாம்_ஷிப்டு

நான் பதினொரு வருடம் இரவு ஷிப்டு பார்த்தவன். கேட்டவர் கேட்டது நூறு சதவீதம் சரி. நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறுகிறது. அதற்குப் பிறகு வேலை செய்த ஆறு மணி நேரமும் பண்டிகை நாளில் செய்த வேலை. மணிக்கணக்கில் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

ஊதியப்_பட்டியல்

மணிக்கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கும். போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். நான் இருபது வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன், இந்த ஒரு வரிக்காக மட்டும் நாலைந்து இடத்தில் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு நாள் கூலி 1,000 என்று வைத்துக்கொள்வோம். புதன் இரவு வந்தவரை முதலாமவர் என்போம், வியாழன் இரவு வந்தவரை இரண்டாமவர் என்போம். இரண்டு இரவும் வந்தவர் மூன்றாமவர்.

உங்கள் மஸ்டர் முறைப்படி, அதாவது ஷிப்டு தொடங்கிய தேதியைப் பார்த்தால், கூடுதல் தொகை முதலாமவருக்குப் பூஜ்யம், இரண்டாமவருக்கு 1,000. மணிக்கணக்கில் பிரித்தால் முதலாமவர் நள்ளிரவுக்குப் பின் ஆறு மணி நேரம் உழைத்திருக்கிறார், அவருக்கு 750. இரண்டாமவர் நள்ளிரவுக்கு முன் இரண்டு மணி நேரம்தான், அவருக்கு 250. மூன்றாமவருக்கு எந்த முறையில் போட்டாலும் 1,000தான் வரும். அவருக்கு வித்தியாசமே இல்லை.

இங்கேதான் ஆபத்து. மூன்றாமவரின் முதல் இரவைத் தொடக்கத் தேதிப்படி பார்த்து, இரண்டாம் இரவை மணிக்கணக்கில் பார்த்தால் அவருக்கு வெறும் 250 வரும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வருகையை ஒருவர் போடுகிறார், சம்பளத்தை இன்னொருவர் போடுகிறார், இருவர் மனதிலும் வேறு வேறு விதி. பண்டிகை வந்த மாதத்தில் இரண்டு இரவும் வேலை செய்த ஒருவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பண்டிகைக் கணக்கில் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக வந்திருந்தால் உங்கள் அலுவலகத்தில் இரண்டு முறையும் கலந்து ஓடுகிறது என்று அர்த்தம்.

மணிக்கணக்கின் இன்னொரு குறை இதைவிடப் பெரியது. உங்கள் விதியில் "இரட்டைச் சம்பளம் அல்லது மாற்று விடுப்பு" என்று இருக்கிறது. முதலாமவர் எனக்குப் பணம் வேண்டாம், விடுப்பு கொடுங்கள் என்றால் எதைக் கொடுப்பீர்கள்? ஆறு மணி நேர விடுப்பா? இரண்டாமவருக்கு இரண்டு மணி நேர விடுப்பா? பேருந்து ஏறி வந்து ஆறு மணி நேரம் கழித்து வேலைக்குச் சேர்வதை யாரும் விடுமுறை என்று சொல்ல மாட்டார்கள். மணிக்கணக்கு வைத்த இடங்களில் மாற்று விடுப்பு தானாகவே செத்துப் போகும், பணம் மட்டும்தான் மிஞ்சும். அது நிர்வாகத்துக்கும் வசதி என்பதால் யாரும் பேச மாட்டார்கள்.

கூலிக்கணக்கு

ஐயா, உங்கள் கணக்கில் கூடுதல் 1,000 என்று போட்டிருக்கிறீர்கள். அது தப்பு. இரட்டைச் சம்பளம் என்றால் கூடுதலாக இரண்டு நாள் சம்பளம். விடுமுறைக்கு ஒன்று, வேலைக்கு இரண்டு, ஆக மூன்று. சீனாவில் 300 சதவீதம் கொடுக்கிறார்கள். எல்லா நாட்டிலும் அதுதான் சட்டம்.

ஊதியப்_பட்டியல்

சீனா பற்றி நீங்கள் சொல்வது சரி. அங்கே தொழிலாளர் சட்டத்தின் 44ஆம் பிரிவு, சட்டப்படியான விடுமுறை நாளில் வேலை வாங்கினால் 300 சதவீதத்துக்குக் குறையாமல் கொடுக்கச் சொல்கிறது. வார ஓய்வு நாளில் வேலை வாங்கிவிட்டு வேறு நாள் ஓய்வு கொடுத்துச் சரிக்கட்டலாம், பண்டிகை நாளுக்கு அந்தச் சலுகை அங்கே கிடையாது. ஆனால் எல்லா நாட்டிலும் அதுதான் என்பது சரியில்லை. சிங்கப்பூரில் பொது விடுமுறை நாளில் வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம். ஹாங்காங்கில் சட்ட விடுமுறைக்குப் பதில் பணம் கொடுப்பதே கூடாது, அந்த விடுமுறைக்கு முன்போ பின்போ 60 நாளுக்குள் மாற்று நாள் கொடுத்தாக வேண்டும். மூன்று இடத்தில் மூன்று விதம். அதனால்தான் "இரட்டைச் சம்பளம்" என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது என்கிறேன்.

மாதச் சம்பளக்காரருக்கு அந்த நாளின் சம்பளம் ஏற்கெனவே மாதத் தொகைக்குள் இருக்கிறது. 26,000 வாங்குபவர் வீட்டில் இருந்தாலும் 26,000. அவர் வேலைக்கு வந்தால் எவ்வளவு? "எப்படியும் சம்பளம் கொடுக்கிறோமே" என்று 26,000லேயே நிறுத்தும் இடம் உண்டு. அது இரட்டை இல்லை, ஒற்றைதான். 27,000 என்பது பெரும்பாலும் ஏற்கப்படும் பொருள். 28,000 என்பது நீங்கள் சொல்லும் மூன்று மடங்கு. எது உங்கள் ஊரில் சட்டமோ, எது உங்கள் ஒப்பந்தமோ அதை எழுதுங்கள். ஆனால் "மாதச் சம்பளத்துக்கு மேல் இவ்வளவு" என்று எழுதுங்கள். "மேல்" என்ற ஒரு சொல் போட்டால் பாதிச் சண்டை வராது.

கூலிக்கணக்கு

சரி, எல்லா நாட்டிலும் என்று சொன்னது என் தப்பு. ஆனால் அந்த ஒரு நாள் சம்பளத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். என் சம்பளம் அதே 26,000தான். வேலைக்கு வராத நாளுக்கு 26ஆல் வகுத்து 1,000 பிடித்தார்கள். பண்டிகை நாளில் வேலை செய்ததற்கு 30ஆல் வகுத்து 867 கொடுத்தார்கள். இரண்டும் ஒரே மாதச் சீட்டில் மேலும் கீழுமாக இருந்தது. எனக்கு ஒரு நாள் என்பது பிடிக்கும்போது 1,000, கொடுக்கும்போது 867.

பலகை_எழுத்தர்

இப்போதுதான் எங்கள் பழைய சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எங்களிடமும் அப்படித்தான் இருக்கிறது. மென்பொருளில் பிடித்தத்துக்கு ஒரு வகுஎண், படிக்கு வேறு வகுஎண். இதை யாரும் தீர்மானித்து வைத்ததாகத் தெரியவில்லை. இந்த ஆண்டு இரண்டுக்கும் ஒரே எண் என்று அறிவிப்பிலேயே எழுதக் கேட்கப் போகிறேன்.

வெளியூர்_வாசி

எனக்கு ஒரு சந்தேகம். நான் பத்து நாள் ஆண்டு விடுப்பு எடுத்து ஊருக்குப் போனேன். நடுவில் ஒரு பண்டிகை விடுமுறை. அந்த நாளையும் சேர்த்துப் பத்து நாளாகக் கழித்துவிட்டார்கள். அன்று நான் வேலையும் செய்யவில்லை. எனக்கு இரட்டைச் சம்பளம் உண்டா?

ஊதியப்_பட்டியல்

உங்கள் கேள்வி வேறு, ஆனாலும் சொல்கிறேன். வேலை செய்யாததால் இரட்டைச் சம்பளம் வராது. ஆனால் அந்த நாளை ஆண்டு விடுப்பில் கழித்ததைக் கேள்வி கேட்கலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் ஆண்டின் 132ஆவது உடன்படிக்கை, பொது விடுமுறையும் வழக்கமான விடுமுறையும் ஆண்டு விடுப்பின் நடுவே வந்தாலும் அவற்றைக் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பின் பகுதியாக எண்ணக் கூடாது என்கிறது. ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். உங்கள் நிறுவன விதியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றுமே எழுதாமல் கழித்திருந்தால் எழுத்தில் கேளுங்கள், ஒன்பது நாள்தான் கழிய வேண்டும் என்று.

மூன்றாம்_ஷிப்டு

இரவு ஷிப்டுக்கு வருவோம். மணிக்கணக்கு வேண்டாம், தொடக்கத் தேதியும் அநியாயம் என்றால் என்னதான் வழி?

ஊதியப்_பட்டியல்

இரவு ஷிப்டுக்கு விடுமுறை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைக் கடிகார நேரத்தோடு பட்டியலிலேயே அச்சடிப்பதுதான் வழி. மற்ற இரண்டு ஷிப்டுக்கும் விடுமுறை என்றால் அந்தத் தேதி, அதில் குழப்பமே இல்லை. இரவு ஷிப்டுக்கு மட்டும் ஒரு தனிப் பத்தி போடுங்கள்: "புதன் இரவு 10 மணி முதல் வியாழன் இரவு 10 மணி வரை". 24 மணி நேரம் முழுதாக இருக்கிறது. அந்த ஜன்னலுக்குள் தொடங்கும் ஷிப்டு ஒன்றுதான், புதன் இரவு ஷிப்டு. அதில் வேலை செய்தவருக்கு முழுச் சலுகை, பணமோ விடுப்போ முழு நாளாகக் கிடைக்கும். வியாழன் இரவு ஷிப்டு சாதாரண ஷிப்டு. ஆக முதலாமவருக்கு 1,000, இரண்டாமவருக்கு ஒன்றுமில்லை, மூன்றாமவருக்கு 1,000. கணக்குப் போடுபவருக்கும் பிரிக்கும் வேலை இல்லை.

இது நானாகச் சொல்வதில்லை. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுக்கு ஒரு நாள் என்றால் என்ன என்று இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 57ஆம் பிரிவாகவே எழுதியிருந்தார்கள். அதன்படி, முழு நாள் விடுமுறை என்றால் அவருடைய ஷிப்டு முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம். அது வார ஓய்வுக்கான விதி, பண்டிகைக்கு இல்லை. இருந்தாலும் நள்ளிரவை மறந்துவிட்டு ஷிப்டை அளவாக வைக்கும் யோசனை அங்கேயே இருக்கிறது.

இரவுப்_பறவை

மன்னிக்கவும், எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நானும் இரவு ஷிப்டுதான். எனக்கு வேண்டியது பண்டிகைக்கு முந்தின இரவு இல்லை, பண்டிகை இரவு. அன்று மாலைதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். இரவு எட்டரை மணிக்கு எல்லாரையும் விட்டுவிட்டுக் கிளம்புவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? காலை 6 மணிக்கு வேலை முடிந்து போனால் குளித்துவிட்டுப் பகல் முழுக்க வீட்டில் இருக்கலாம். நீங்கள் சொல்லும் ஜன்னலில் எனக்கு வியாழன் இரவு வேலை, கூடுதல் காசும் கிடையாது.

மூன்றாம்_ஷிப்டு

பகல் முழுக்க எங்கே இருப்பீர்கள்? தூங்க வேண்டாமா? இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து பண்டிகை அன்று மதியம் மூன்று மணி வரை போர்த்திப் படுத்திருந்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது என்று வீட்டில் அடக்குவார்கள். முந்தின இரவு தூங்கினால்தான் பண்டிகை.

ஊதியப்_பட்டியல்

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இதை நானோ நிர்வாகமோ மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. இரவு ஷிப்டு ஆட்களிடம் கேளுங்கள், அதுவும் ஒவ்வொரு பண்டிகைக்கும் தனித்தனியாக. விடியலில் கொண்டாடும் பண்டிகைக்கு முந்தின இரவு, மாலையில் கொண்டாடுவதற்கு அன்றைய இரவு என்று பட்டியலில் மாறி மாறி இருந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. நேரம் அச்சில் இருந்தால் போதும். ஒரே கண்டிப்பு, ஒரு பண்டிகைக்கு ஒரு ஜன்னல்தான். ஆண்டு தொடங்கிய பிறகு ஆளுக்கேற்ப மாற்றக் கூடாது.

பிறை_பார்த்தவர்

ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைக்கு ஆண்டுத் தொடக்கத்தில் அச்சடித்த தேதி ஒரு நாள் தள்ளிப் போகலாம். எங்கள் இடத்தில் அப்படித் தள்ளிப்போனது. அச்சில் இருந்த தேதியில் ஆலை மூடியிருந்தது, உண்மையான பண்டிகை அன்று எல்லாரும் வேலைக்கு வந்தோம். கேட்டதற்கு, பட்டியலில் உள்ள தேதிக்குத்தான் விடுமுறை என்று முடித்துவிட்டார்கள். தேதி மாறினால் விடுமுறையும் கூடவே மாறும், மாற்றத்தை முந்தின நாள் எந்த ஷிப்டுக்குள் பலகையில் போடுவோம் என்று எழுதச் சொல்லுங்கள். நேர ஜன்னல் போடுகிற இரவு ஷிப்டுக்கு இது இன்னும் அவசியம். பிறை தெரிந்த செய்தி வரும்போது அவர்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

பலகை_எழுத்தர்

இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. அப்புறம் அந்த 30 நாள் காலாவதி? அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

கூலிக்கணக்கு

நான் சொல்கிறேன், பட்டவன். மாற்று விடுப்புக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். முதல் முறை ஆர்டர் அவசரம், இரண்டாம் முறை ஆள் பற்றாக்குறை, மூன்றாம் முறை மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்தார். முப்பத்தோராம் நாள் காலாவதி என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பண்டிகை அன்று உழைத்ததற்குக் காசும் இல்லை, ஓய்வும் இல்லை.

ஊதியப்_பட்டியல்

காலக்கெடு இருப்பது தொழிலாளிக்கும் நல்லதுதான், இல்லாவிட்டால் விடுப்பு கணக்கிலேயே தூங்கும். கெடு முடிந்ததும் என்ன ஆகும் என்பதில்தான் தப்பு நடக்கிறது. மறுத்தது நிர்வாகம் என்றால் இழப்பு தொழிலாளிக்கு வரக் கூடாது. கெடுவுக்குள் எடுக்க முடியாத மாற்று விடுப்பு, அடுத்த சம்பளத்தில் பணமாக மாறும் என்று எழுதுங்கள். பணமாக மாற்றக் கூடாது என்று சட்டம் உள்ள இடத்தில், கெடு முடியும் முன் நிர்வாகமே ஒரு நாளைக் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

அதோடு, பணமா விடுப்பா என்று தேர்வு செய்வது யார்? "அல்லது" என்று மட்டும் எழுதினால் அந்தத் தேர்வு அறிவிப்பு போட்டவர் கைக்குப் போய்விடும். உங்கள் ஊர்ச் சட்டம் அதை யாருக்குக் கொடுத்திருக்கிறது என்று பார்த்துப் பெயர் சொல்லி எழுதுங்கள். தொழிலாளி விருப்பம் என்றால், வேலைக்கு வரும் அன்றே ஒரு சீட்டில் அவர் குறித்துக் கையெழுத்துப் போடட்டும். மாதக் கடைசியில் கேட்டால் ஞாபகமும் மாறும், நெருக்கடியும் இருக்கும்.

பலகை_எழுத்தர்

எல்லாவற்றையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். தயவுசெய்து பாருங்கள்:

"பண்டிகை விடுமுறையில் பணிக்கு அழைக்கப்படுபவர், தம் விருப்பப்படி, மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் சம்பளமோ சம்பளத்துடன் ஒரு முழு நாள் மாற்று விடுப்போ பெறலாம். விருப்பத்தை அன்றே சீட்டில் குறிக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து வருவது, பிடித்தத்துக்கும் இதே கணக்கு. 60 நாளுக்குள் எடுக்க முடியாத மாற்று விடுப்பு அடுத்த மாதச் சம்பளத்தில் பணமாகச் சேரும். இரவு ஷிப்டுக்கு விடுமுறை தொடங்கும், முடியும் நேரம் ஒவ்வொரு பண்டிகைக்கும் எதிரே தரப்பட்டுள்ளது. பண்டிகைத் தேதி மாறினால் விடுமுறையும் மாறும், மாற்றம் முந்தின நாள் மதிய ஷிப்டு முடிவதற்குள் பலகையில் இடப்படும்."

ஊதியப்_பட்டியல்

நன்றாக இருக்கிறது. "மாதச் சம்பளம்" என்பதில் எந்தெந்தப் படி அடங்கும் என்று ஒரு வரி சேருங்கள், அடிப்படை மட்டுமா, பஞ்சப்படியும் உண்டா என்று. தினக்கூலி ஆட்கள் இருந்தால் அவர்களுக்குத் தனி வாக்கியம் வேண்டும், அவர்களுக்கு "மாதச் சம்பளத்துக்கு மேல்" என்ற சொல் பொருந்தாது. விடுமுறைக் கூலி ஒன்று, வேலைக் கூலி ஒன்று என்று பிரித்தே எழுதுங்கள்.

இரவுப்_பறவை

ஒரு கேள்வி பாக்கி. எங்கள் இடத்தில் ஷிப்டு சுழற்சி வாரத்தின் நடுவில் வருகிறது. புதன் இரவு வேலை பார்த்துவிட்டு வியாழன் ஓய்வு, வெள்ளி காலை 6 மணிக்குக் காலை ஷிப்டு. பண்டிகை வெள்ளிக்கிழமை என்றால் இரவு ஷிப்டின் ஜன்னல் வியாழன் இரவு 10 மணிக்குத் தொடங்கும். எனக்குப் பொருந்துவது இரவு ஷிப்டு நேரமா, காலை ஷிப்டுத் தேதியா?

ஊதியப்_பட்டியல்

வெள்ளி அன்று உங்கள் பெயர் எந்த ஷிப்டுப் பட்டியலில் இருக்கிறதோ அந்த ஷிப்டின் விடுமுறை. அதாவது வெள்ளி காலை வர வேண்டாம், வந்தால் முழுச் சலுகை. சிக்கல் இதற்கு நேர்மாறாக வரும்போதுதான். காலை ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாறும் வாரத்தில் ஜன்னல் உங்கள் வார ஓய்வின் மேலேயே விழுந்துவிடலாம், அப்போது விடுமுறை கையில் கிடைக்காமலே கழிந்துவிடும். வார ஓய்வில் விழும் பண்டிகைக்கு சிங்கப்பூரில் அடுத்த வேலை நாள் விடுமுறை. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதா?

இரவுப்_பறவை

இல்லை. வார ஓய்வில் விழுந்தால் போனது போனதுதான்.

பலகை_எழுத்தர்

எங்களிடமும் அதற்கு ஒரு வரியும் இல்லை. நாளை காலை இரவு ஷிப்டு முடிந்து வருபவர்களிடம் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு பண்டிகைக்கும் எந்த இரவு வேண்டும் என்று குறிக்கச் சொல்லப் போகிறேன். வார ஓய்வில் விழும் நாளைப் பற்றி யூனியனோடு மறுபடி பேச வேண்டும். பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.